கோவைப்பழமும் கத்தரிப்பூவும்

1984 மார்கழியில் பெரியப்பாவின் பட்டறையில் துருத்தி இழுக்கச் சேர்ந்தேன். எனக்குப் பதினான்கு வயது. மன்னார்குடிப் பக்கத்து ஊர் அது. தை அறுவடைக்கு முன்னால் நாலு ஊர் ஆட்கள் கருக்கரிவாளுக்காக வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கூலி பெரும்பாலும் களத்தில் அளக்கும் நெல்தான்.

போன முதல் நாளே, எதற்குப் பட்டறையை இப்படி இருட்டாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மேற்குச் சன்னலில் சாக்கு தொங்கும், கூரை ஓட்டை எல்லாம் தகரம் வைத்து அடைத்திருக்கும். வெளிச்சத்துக்கு சாக்கைத் தூக்கிக் கட்டினேன். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. உலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெயிலில் நீட்டினார். "என்ன நெறம்?" கறுப்பு என்றேன். அதையே இருட்டு மூலைக்குக் கொண்டுபோனார். மங்கலான சிவப்பில் ஜொலித்தது. "கறுப்புன்னு நெனச்சுத் தொட்டிருப்ப. சாக்க எறக்கி விடு."

அரிவாளுக்கான இரும்பு, லாரியிலிருந்து கழற்றிய பழைய பட்டா. அதை உளியால் வெட்டி, காய்ச்சி அடித்து நீட்டுவோம். இந்தக் கட்டத்தில் நிறம் ஆவாரம்பூ மஞ்சளுக்கும் நல்ல செங்காவிக்கும் நடுவில் இருந்தால் இரும்பு சம்மட்டிக்குக் கீழே மெழுகு மாதிரி ஓடும். அதற்கு மேலே வெள்ளை ஏறிப் பொரி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். எரிந்த இரும்பை எந்தக் கொல்லனாலும் மீட்க முடியாது. கீழே, சிவப்பு செத்துக் கறுக்கும்போது அடித்தால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும். அப்போதைக்கு அது கண்ணுக்கே தெரியாது, தண்ணீரில் தோய்க்கும்போதுதான் "டிக்" என்று சத்தம் போட்டுத் தன்னைக் காட்டும்.

வளைத்து, காம்புக்கு வால் நீட்டி, ஆறிய பிறகு உட்பக்கத்தில் சிற்றுளியால் கருக்கு வெட்டுவார். பல்லுக்குப் பல் ஒரே இடைவெளி. அளவுகோல் எதுவும் கிடையாது. உளி நகரும் தாளமே அளவு.

பிறகு தோய்ச்சல். அரிவாள் மெல்லிசு. நுனி இன்னும் மெல்லிசு. உலையில் அப்படியே வைத்தால் நுனி மஞ்சளாகும்போது அடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் அடியைத்தான் கனலுக்குள் புதைப்பார். நுனி வெளியே நீண்டிருக்கும். சூடு தானாக நடந்துவந்து நுனியைத் தொடும்வரை காத்திருப்பார்.

"கோவைப்பழம் பழுத்திருக்கிற நெறம் வரணும். அதுக்கு முன்ன ஒரு நிழல் ஓடும். அத விட்டுடாத." நிழலா? பல நாள் எனக்குப் புரியவில்லை. சிவப்பு ஏறிக்கொண்டே வரும்போது, ஒரு கட்டத்தில் இரும்பின் மேல் மங்கலாக ஒரு கருமை மெல்ல நகரும். மேகம் வயலைக் கடப்பது போல. அது கடந்துபோன பிறகு முழுச் சிவப்பும் ஒரே சீராகும். இரும்பு 730 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டுத் தாண்டுகையில் உள்ளமைப்பு மாறத் தொடங்குகிறது, அந்த மாற்றம் சூட்டை உறிஞ்சுவதால் அந்த இடம் சற்று நேரம் பின்தங்கி மங்குகிறது. ஐ.டி.ஐ.யில் படித்தபோதுதான் இதற்கு விளக்கம் கிடைத்தது. நிழல் மறைந்த பிறகு இன்னும் ஒரு சாயல் ஏற விட்டுத் தோய்க்க வேண்டும். அதுதான் அவருடைய கோவைப்பழம்.

ஒருநாள் ஆட்கள் நெருக்கியதால் அவர் வெளியே பேசிக்கொண்டிருக்க, நானே ஒன்றைத் தோய்த்தேன். நல்லாக் காய்ந்தால் நல்லாக் கடினமாகும் என்று நினைத்துச் செங்காவி வரை ஏற்றிவிட்டேன். திரும்பி வந்த பெரியப்பா அதை வாங்கிக் கொறட்டில் பிடித்தார், பட்டடை விளிம்பில் ஒரு தட்டு. முறிந்தது. முறிந்த வாயைக் காட்டினார். உப்புக்கல் மாதிரி பெரிய மினுமினுப்பு. பிறகு தான் தோய்த்த ஒரு நல்ல அரிவாளையும் முறித்தார். விற்றால் ஒரு மரக்கால் நெல் வந்திருக்கும். அதன் வாய் சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று பட்டுத்துணி கிழிந்த மாதிரி இருந்தது. "சூடு கூடிப்போனா மணி பெருத்துடும். பெருத்த மணிக்குப் பிடிப்பு இருக்காது." இரண்டு துண்டும் இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

தோய்ப்பதும் முழு அரிவாளை அல்ல. தண்ணீரில் முதலில் ஒரு பழுத்த இரும்பை முக்கி வெதுவெதுப்பாக்குவார். பச்சைத் தண்ணீர் பல்லை வெடிக்க வைக்கும். பிறகு கருக்குப் பக்கத்தை மட்டும் விரல் அகலத்துக்கு முக்கி, ஓரிடத்தில் கோடு விழாதபடி மேலும் கீழும் அசைப்பார். முதுகில் சூடு அப்படியே இருக்கும். வெளியே எடுத்ததும் செங்கல் துண்டால் விளிம்பைப் பரபரவென்று தேய்த்து வெள்ளையாக்குவார். தேய்க்காவிட்டால் அடுத்த நிறங்கள் தெரியாது.

முதுகுச் சூடு விளிம்பை நோக்கி இறங்கும். இளம் வைக்கோல் நிறம் முதலில் வரும், 220 டிகிரி பக்கம். அங்கே நிறுத்தினால் பல் கூர்மையாக நிற்கும், ஆனால் வரப்புக்கல் பட்டால் உதிரும். பிறகு தவிட்டு நிறம். அதன் பின்னால் கத்தரிப்பூ, ஏறக்குறைய 280. அதையும் விட்டால் மயில்கழுத்து நீலம், 300. அந்தப் பல் உதிராது, ஆனால் ரெண்டு மா அறுப்பதற்குள் மழுங்கிவிடும். தவிடு முடிந்து கத்தரிப்பூ பல்லின் நுனியை எட்டிப் பார்க்கிற நொடியில் முழுசாகத் தண்ணீரில் போடுவார். அந்த நொடியைத் தவறவிட்டால், மறுபடி உலை, மறுபடி முதலிலிருந்து.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு வெப்பப் பதப்படுத்தும் ஆலையில் இருக்கிறேன். நெல் அறுக்கும் இயந்திரத்தின் முக்கோணக் கத்திகள் எங்களிடம் வருகின்றன. அவற்றின் விளிம்பிலும் கருக்குதான். செம்புச் சுருளுக்குள் கத்தியை வைத்து மின்சாரம் விட்டால் சில நொடிகளில் விளிம்பு மட்டும் பழுக்கும், உடனே திரவம் பீய்ச்சும். விளிம்பு கடினம், நடுவுடல் மென்மை. பெரியப்பா விரல் அகலத்துக்கு முக்கியது அதற்காகவேதான்.

போன வருடம் ஒரு தொகுதிக் கத்திகள் பல் உதிர்ந்து திரும்பி வந்தன. சூடு அளக்கும் கருவியில் எண் சரியாகவே இருந்தது. பணியில் இருந்த பையன் பதிவேட்டைத் திறந்து காட்டினான், ஒரு தவறும் இல்லை. சுருளுக்கு மேலே இருந்த குழல்விளக்கை அணைக்கச் சொல்லி, அடுத்த கத்தியைப் பழுக்க வைத்துப் பார்த்தேன். பல்லின் அடி கோவைப்பழம். நுனிகள் ஆவாரம்பூ. கருவி பார்க்கிற வட்டம் பல்லைவிடப் பெரிது, அது இரண்டையும் சேர்த்துச் சராசரி சொல்லியிருக்கிறது. ஒரு கத்தியை முறித்தோம். நுனியில் உப்புக்கல். மின்சக்தியைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, சூடு பல்லுக்குள் நடந்துபோக அவகாசம் கொடுத்தோம். நாலாவது முயற்சியில் பட்டு வாய் வந்தது.

"விளக்கில்லாம எப்படி சார் தெரிஞ்சது?" என்றான் பையன். மறுநாள் அலமாரியிலிருந்து அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். முறிந்த வாய்களைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அவனே போய்ச் சன்னலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டினான்.