வழிபாட்டு வரிசையில் ஒரு கணக்கெடுப்பு

ஒரு கூட்டத்தின் இயல்பை அறிய அதிலிருந்து எடுக்கப்படும் சிறு பகுதியே கூறு எனப்படும். அருகில் நிற்போரையே பிடித்து எடுத்தால், அது வசதிக் கூறு. 1,200 மாணவர் பயிலும் ஒரு பள்ளியில், தாமதமாக வருவோர் எத்தனை பேர் என்று அறிய, காலை வழிபாட்டுக் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கும் 60 பேரிடம் படிவம் நீட்டப்படுவதாகக் கொண்டால், பள்ளியில் தாமதம் என்னும் நோயே இல்லை என்ற மகிழ்ச்சியான முடிவு கிட்டும். விடை சொல்ல வேண்டியவர்களோ அந்நேரம் பூட்டிய வாயிற்கதவுக்கு வெளியே காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருப்பர்.

60 போதாது என்று எவரேனும் முணுமுணுத்தால், அதே வரிசைகளிலிருந்து 240 பேரைக் கேட்டுவிடலாம் என்பதே வழக்கமான மருந்து. குலுக்கல் முறையில் எடுத்த கூறாயின் அம்மருந்து பலிக்கும்: 60 பேரில் ஏறத்தாழ 13 சதவீதப் புள்ளிகள் வரை இருபுறமும் ஊசலாடக்கூடிய மதிப்பீடு, 240 பேரில் ஏறத்தாழ 6 புள்ளிகளுக்குள் அடங்கும், அதாவது, பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் ஒருபக்கச் சாய்வு, அதாவது சிலர் தொடக்கத்திலேயே விடுபடுவதால் நேரும் கோணல், எண்ணிக்கைக்கு அசைவதில்லை. பெரிய கூறு அத்தவற்றையே கூடுதல் உறுதியோடு உரைக்கும்.

சேர்க்கைப் பதிவேட்டில் முதல் இருபது பெயர்களுள் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வோர் இருபதாவது பெயரையும் குறித்தால் 60 பேர் கிடைத்துவிடுவர். அவர்களுள் வராதவரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இம்முறையின் ஒரே அசௌகரியம். பக்கத்தில் நிற்பவரை எழுதிக்கொண்டால் அதுவும் தீர்ந்துவிடும், கணக்கெடுப்பும் முன்வரிசைக்கே திரும்பிவிடும்.