எம்.டி. வாட்ச்சைப் பார்த்த பிறகும் பிழைப்பது எப்படி?

கூட்டத்துக்கு அழைக்கும் மெயிலில் '45 நிமிடம்' என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடுங்கள். நம்பினால்தான் 40 ஸ்லைடு போட மனசு வரும். முதல் ஸ்லைடில் லோகோ, அடுத்ததில் பொருளடக்கம், அதற்கடுத்து 'நம் ஆலை கடந்து வந்த பாதை'. கேட்க வந்த பணத்தை 39ஆவது ஸ்லைடில் பத்திரமாக வையுங்கள். நாற்பதாவதில் கைகூப்பிய படமும் 'நன்றி'யும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இந்த முறையை நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன். கம்ப்ரசர் காற்று குழாயெங்கும் கசிகிறது, அதை அடைக்கப் பணம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எம்.டி. முக்கால் மணி தாமதமாக வந்து, உட்காரும்போதே வாட்ச்சைப் பார்த்தார். "தம்பி, பத்து நிமிஷத்துல முடிச்சிருங்க, ஃப்ளைட் இருக்குது" என்றார். நான் அதே 40 ஸ்லைடையும் நாலு மடங்கு வேகத்தில் ஓட்ட ஆரம்பித்தேன். அவர் எழுந்தபோது நான் 17ஆவது ஸ்லைடில், காற்றழுத்தத்தின் அலகுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். பணம் என்ற சொல்லே என் வாயிலிருந்து வரவில்லை.

நேரத்தை யாரும் தலையில் வெட்டுவதில்லை, வாலில்தான் வெட்டுகிறார்கள். நாமோ உயிரை வாலில் வைத்திருக்கிறோம். இது புரிய எனக்கு இன்னும் இரண்டு கூட்டங்கள் ஆயின. அதன் பிறகுதான் பஸ் பயணக் கணக்குக்கு மாறினேன். பஸ்ஸில் ஏறும்போது பணமும் பத்திரமும் இருக்கும் பை மடியில் இருக்கும். மாற்றுத்துணிப் பை காலடியில். பலாப்பழம் டிக்கியில். நடுவழியில் இறங்கச் சொன்னால் மடிப்பையோடு இறங்கலாம். ஒரு நிமிஷம் கொடுத்தால் காலடிப் பையும் வரும். பலாப்பழத்துக்காக யாரும் பஸ்ஸை நிறுத்தப்போவதில்லை.

ஸ்லைடுகளை இந்த மூன்றாகப் பிரியுங்கள். பிரிப்பதற்கு ஒரே கேள்விதான்: இது இல்லாமல் அவர் 'சரி' என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் மடி. 'சரி' சொல்லும் முன் சந்தேகப்பட்டுக் கேட்பார் என்றால் காலடி. உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லையென்றால் டிக்கி. மூன்றாவதில்தான் அழுகை வரும். மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்த குழாய் வரைபடம் அங்கேதான் போகும்.

என் கசிவுக் கதையையே பிரித்துக் காட்டுகிறேன். மடியில் மூன்றே ஸ்லைடு. ஒன்று: '1,50,000 ரூபாய் கொடுங்கள், வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் மிஞ்சும்.' இரண்டு: இழப்பு எவ்வளவு. மூன்று: இன்று கையெழுத்தானால் எந்த வாரம் வேலை முடியும். ஸ்லைடின் தலைப்பே முழு வாக்கியமாக இருக்கட்டும். 'கசிவு ஆய்வு' என்று தலைப்பு வைத்தால் பேச ஆள் வேண்டும். 'கம்ப்ரசர் தரும் காற்றில் கால் பங்கு ஓட்டை வழியாகப் போகிறது' என்று வைத்தால் நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதும் ஸ்லைடு பேசும்.

காலடியில் கணக்கு. ஆலை நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டோம். எந்த மிஷினும் காற்று எடுக்கவில்லை. ஆனாலும் 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்று மாறிக்கொண்டே இருந்தது. எட்டில் இரண்டு, அதாவது 25 சதவீதம் கசிவு. 75 கிலோவாட்டில் கால் பங்கு, வருஷத்துக்கு 6,000 மணி நேரம், யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 9 லட்சம் வருகிறது. எல்லா ஓட்டையையும் அடைக்க முடியாது, பாதி அடைபட்டால் நாலரை லட்சம். இங்கேதான் மெயின்டனன்ஸ் மேனேஜர் தொண்டையைச் செருமுவார்: "அன்லோடுல ஓடறப்பவும் கரண்ட் இழுக்குமே, அதைக் கழிச்சீங்களா?" இழுக்கும். முழு லோடில் கால் பங்குக்குக் குறையாமல் இழுக்கும். 30 சதவீதம் கழித்துத்தான் 3 லட்சம் என்று சொன்னேன். அவருக்கென்றே ஒரு ஸ்லைடு காலடியில் காத்திருந்தது. நானாக அதைக் காட்டியிருந்தால் நாலு நிமிடம் போயிருக்கும்.

இவ்வளவு செய்தும் கவிழ வழி உண்டு. அலகு என்ன, சிவப்பு வண்ணம் எதைக் குறிக்கிறது, 'பகுதி 3' எங்கே இருக்கிறது என்பதெல்லாம் நாலாவது ஸ்லைடில் சொல்லியிருப்பீர்கள். நேரம் வெட்டுப்பட்டதும் நாலாவது ஸ்லைடைத் தாண்டிவிடுவீர்கள். மடி ஸ்லைடில் சிவப்பு மட்டும் அர்த்தமில்லாமல் எரியும். இதைக் கண்டுபிடிக்க ஸ்லைடுகளைச் சின்னதாக பிரின்ட் எடுத்து, வெட்டி, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, வேறு டிபார்ட்மென்ட் ஆள் ஒருவரிடம் ஒன்றை உருவித் தாருங்கள். "இந்த நம்பர் எப்படி வந்தது?" என்று கேட்டால் கவலையில்லை, காலடிக்கு வேலை வந்திருக்கிறது. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அந்த ஸ்லைடு இன்னொன்றின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விளக்கத்தை அதிலேயே எழுதி முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். 'முந்தைய ஸ்லைடில் பார்த்தபடி' என்ற சொற்றொடரைக் கண்ட இடத்தில் அழியுங்கள்.

அடுத்தது கை வேலை. வேண்டிய ஸ்லைடுக்குப் போக 'டக் டக்' என்று இருபது ஸ்லைடைத் தள்ளுவதும் ஒரு கலைதான். பார்ப்பவருக்குத் தாம் எதையெல்லாம் இழந்தோம் என்று நன்றாகத் தெரியும். அந்தக் கலை வேண்டாம் என்றால், பவர்பாயின்ட்டில் காலடி ஸ்லைடுகளையும் டிக்கி ஸ்லைடுகளையும் கடைசியில் அடுக்கி, வலது கிளிக் செய்து Hide Slide கொடுங்கள். ஸ்லைடு ஷோ ஓடும்போது எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் ஒளித்து வைத்ததும் நேராக வந்து நிற்கும். 9, Enter: அன்லோடு கணக்கு. 3, Enter: பழைய இடம். எந்த எண்ணில் எது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். சீட்டை எல்லாம் முடிந்த பிறகுதான் எழுத வேண்டும். காலையில் நடுவில் ஒரு ஸ்லைடு சொருகினால் அதன் பின்னால் எல்லா எண்ணும் ஒன்று நகர்ந்துவிடும். நான் 9 தட்டியபோது கேன்டீன் படம் வந்த சரித்திரம் உண்டு. லேப்டாப் வேறொருவர் கையில் இருந்தாலும், பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொன்னாலும் இந்த வித்தை செல்லாது. மடி மூன்றும் முதலில் இருப்பது அப்போதும் காப்பாற்றும்.

ஒத்திகையை 3 நிமிடத்துக்கு ஒன்று, 10 நிமிடத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பாருங்கள். முழு நீளத்துக்கு ஒத்திகை வேண்டியதில்லை, அது நடக்காது. வெட்டு விழுந்ததும், "நேரம் இல்லாததால் சுருக்கமா..." என்று தொடங்காதீர்கள். எதை விட்டீர்கள் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பாய்லர் வால்வு மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் மூன்று நிமிட 'சரி'யை வாங்க வேண்டாம். வேறு நாள் கேளுங்கள்.

போன மாதம் இந்த ஏற்பாட்டோடு போனேன். எம்.டி. நேரத்துக்கு வந்தார், வாட்ச்சைப் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் கையெழுத்து. "அவ்வளவுதானா? முக்கால் மணி நேரம்னு சொன்னாங்களே" என்றார். வேறு வழியில்லாமல் 31, Enter தட்டினேன். ஆலை கடந்து வந்த பாதை. "அட, இது எங்கப்பா காலத்து செட்டாச்சே!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மீதி 42 நிமிடமும் அவரே பேசினார்.