ஃபார்வர்டு புத்திரன்

ஃபார்வர்டு புத்திரன் என்பவர் பெற்றோரின் பிறந்தநாளன்று வாழ்த்துப் படத்தைத் தேடி எடுத்து, பார்க்காமலே அனுப்பிவிடும் பிள்ளை. பாசம் இல்லாதவர் அல்லர். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீரும் தேதி இவருக்கு மனப்பாடம். அந்தப் பாசத்தை வாக்கியமாக்கச் சொன்னால் மட்டும் கட்டைவிரல் தானாக ரோஜாப்பூப் படத்தின் மேல் போய் நிற்கும்.

அவர் அனுப்பும் படத்தில் இரண்டு ரோஜா, ஒரு குத்துவிளக்கு, மூலையில் யாரோ ஒரு வாழ்த்துப்பட வியாபாரியின் பெயர், நடுவில் ‘தியாகச் சுடரே, அன்பின் சிகரமே, எந்தையே’ என்ற வரி இருக்கும். பிறந்ததிலிருந்து ‘எந்தையே’ என்று கூப்பிட்டுப் பழக்கமில்லாத வீட்டில் அந்தச் சொல் விருந்தாளி மாதிரி வந்து உட்காரும். இப்படிப்பட்ட செய்திகளுக்கு வாட்ஸ்அப் 2018இல் ஓர் அம்புக்குறியைச் சேர்த்தது. ஐந்து கை, அதற்கு மேலும் மாறி வந்த செய்திக்கு 2019இல் இரட்டை அம்பு வந்தது. ஆகவே இரட்டை அம்போடு வரும் வாழ்த்து, குறைந்தது நாலைந்து வீட்டு அப்பாக்களைத் தியாகச் சுடர் ஆக்கிவிட்டுத்தான் இந்த அப்பாவிடம் வருகிறது. விவரமான புத்திரர் படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றி அம்பை மறைப்பார். வியாபாரியின் பெயரை மறைக்க மறந்துவிடுவார்.

இந்த வகையில் ஒரு கிளை இனம் உண்டு. அம்மாவைப் பற்றி ஸ்டேட்டஸில் உருகி எழுதும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். இருபத்து நாலு மணி நேரம் ஊரே அந்த வாழ்த்தைப் படிக்கும். அம்மா அரிசி களைந்துகொண்டிருப்பார்.

புத்திரர் சறுக்கும் முதல் இடம் தேதி. பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுகாதைத் தொடச் சொல்லி வயதை முடிவு செய்த காலத்தில், பிறந்த தேதியைப் பல வீடுகளில் தலைமையாசிரியர்தான் எழுதினார். பள்ளி திறப்பது ஜூனில். எனவே ஒரு தலைமுறையில் பெரும் கூட்டம் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறது. ஜூன் 1 அன்று வங்கி வாழ்த்தும், காப்பீட்டு நிறுவனம் வாழ்த்தும், கூடவே புத்திரரும் வாழ்த்துவார். மூவருக்கும் ஒரே கட்டைவிரல் பதிலாகப் போகும். அப்பா பிறந்தது எந்த மாதம், என்ன நட்சத்திரம் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். அன்று அவர் யாரிடமும் சொல்லாமல் பாயசம் வைத்துவிடுவார்.

அடுத்த இடைஞ்சல் மரபு. தமிழ் வீட்டில் பெரியவர் வாழ்த்துவார், சிறியவர் வணங்குவார். பெற்றவரை வாழ்த்தப் பிள்ளைக்குச் சொல் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்ற வரி இந்த இக்கட்டில்தான் வந்து கைகொடுத்தது. அரசியல் பேனர்களில் தலைவர்களுக்காக அது பல காலம் உழைத்துக் களைத்துவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் அப்பாவுக்குப் பின்னால் கட்சிக்கொடி பறப்பது போலிருக்கும். வாழ்த்துவதற்குத்தான் வயது வேண்டும். நினைவுபடுத்த வயது வேண்டாம். பிள்ளைக்குத் திறந்திருக்கும் வழி அதுதான்.

ஒரு புத்திரர் மீண்ட கதையை எடுத்துக்கொள்ளலாம். அப்பா ஓய்வுபெற்ற டவுன்பஸ் கண்டக்டர். இன்றும் காய்கறிக் கடையில் ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகித்தான் நிற்பார். மகன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறார். அம்மாவிடம் கேட்டதில் உண்மையான நாள் ஐப்பசி சுவாதி என்று தெரிந்தது. ஐப்பசி அமாவாசை பெரும்பாலும் அந்த நட்சத்திரத்தை ஒட்டியே வரும்; அதாவது தீபாவளி. அறுபது வருஷத்துக்கும் மேலாக அப்பாவின் பிறந்தநாளைத் தீபாவளி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மகனின் முதல் வரைவு ‘உலகிலேயே சிறந்த அப்பாவுக்கு’ என்று தொடங்கியது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: அதே வரியைப் பக்கத்து வீட்டு அப்பாவுக்கு அனுப்பினால் பொருந்துமா? பொருந்தியது. பக்கத்து வீட்டுக்காரர் மகிழ்ந்தும் போவார். இரண்டாவது வரைவில் ‘நீங்கள் எங்களுக்காகப் பட்ட கஷ்டங்கள்’ வந்தது. என்ன கஷ்டம் என்று எழுதாததால் அதுவும் எல்லா வீட்டுக்கும் பொருந்தியது. மூன்றாவது வரைவில் அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டு, கண்ணால் பார்த்த ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டார். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினார்:

“அப்பா, ஸ்கூல் பஸ் பாஸை மறந்துட்டு உங்க பஸ்ஸுல ஏறினா எனக்கும் டிக்கெட் கிழிப்பீங்க. உங்க சட்டைப் பையிலேர்ந்து காசெடுத்துத் தோல் பையில போடுவீங்க. ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்ப வெக்கமா இருக்கும். இப்ப ஆபீஸ்ல கணக்கு எழுதுறப்ப அந்த ரெண்டு பையும்தான் ஞாபகம் வருது. இன்னைக்கு ஐப்பசி சுவாதியாம், அம்மா சொன்னாங்க. இந்த வருஷம் தீபாவளிச் சட்டையக் கணக்குல சேக்காதீங்க, தனியா ஒண்ணு வாங்கிருக்கேன். சனிக்கிழமை எடுத்துட்டு வர்றேன்.”

இதில் ‘நேர்மை’ என்ற சொல்லே கிடையாது. இரண்டு பைகள் இருப்பதால் அது தேவைப்படவில்லை. ‘நன்றி’யும் இல்லை, வெட்கப்பட்டதை ஒத்துக்கொண்டது அந்த வேலையைச் செய்துவிட்டது. கடைசியில் ‘பல்லாண்டு’க்குப் பதில் சனிக்கிழமை இருக்கிறது. பல்லாண்டு கொடுக்க மகன் கையில் இல்லை, சனிக்கிழமை இருக்கிறது. அம்மாவுக்கு எழுதுவதாக இருந்தால் முறை இதேதான். ‘நீங்க’ மட்டும் பல வீடுகளில் ‘நீ’ ஆகும். சமையலைப் புகழ்ந்து எழுதும் வழக்கத்தைத் தள்ளிவைத்து, அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து செய்த ஒன்றைப் பிடிப்பது நல்லது.

இதற்கு எல்லைகள் உண்டு. அப்பா ஊரிடம் மறைத்த கடனையோ பட்ட அவமானத்தையோ உருக்கத்துக்காக வெளியே எடுக்கக் கூடாது. சித்தப்பா, மாமா, சம்பந்தி எல்லாரும் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டால், பிள்ளையின் வாழ்த்து மேலே போய் அதன்கீழ் பதினேழு ரோஜாப்பூக்கள் வரிசையாக வந்து மூடிவிடும். தனியாக அனுப்பினால் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பார். படிக்கச் சிரமப்படுபவருக்கு அதே நாலு வரியைப் போனில் சொல்லலாம். எழுதி வைத்துக்கொண்டு சொன்னால் தப்பில்லை.

வாழ்த்து போய்ச் சேர்ந்ததா என்பதை நீலக்குறியைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. படத்துக்கு வரும் பதில் கட்டைவிரல். சம்பவத்துக்கு வரும் பதில் திருத்தம். கண்டக்டர் அப்பா முக்கால் மணி நேரம் கழித்து எழுதினார்: “சட்டைப் பை இல்ல. டவுசர் பை. சட்டைப் பையில இன்வாய்ஸ் இருக்கும்.” சிறிது நேரத்தில் இன்னொன்றும் வந்தது: “சட்டை நாப்பத்திரெண்டு சைஸ்.”