காலால் கேட்கலாம்!

காது கேளாதவர் பாட்டுக்கு எப்படி ஐயா ஆட முடியும்?
*மன்னார்குடி வாசகி*

கண்ணால் தாளம் பிடித்து! சீனாவின் ‘ஆயிரம் கை குவான்யின்’ நடனத்தில் 21 பேர் ஆடுவார்கள். யாருக்கும் காது கேளாது. ஒருவர் பின் ஒருவராக நிற்க, முன்னால் நிற்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து கைகள் விசிறியாக விரியும். மேடையின் நான்கு மூலையிலும் காது கேட்கும் நான்கு பேர் நின்று சைகையால் தாளத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ரசிகர் கண்ணெல்லாம் அந்தக் கைகள் மேல். ஆடுபவர் கண்ணோ இந்த நால்வர் மேல்.

மேடையில் சரி. முதன்முதலாகத் தாளம் என்றால் என்னவென்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
*அதே வாசகி, அடுத்த தபாலில்*

விடமாட்டீர்கள் போலிருக்கிறது, நல்லது! அந்த நடனத்தில் முன்னால் நின்று ஆடிய தாய் லிஹுவாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போனது. காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியர் ‘யானைக்கால் மேளம்’ என்ற பெரிய மேளத்தை மரத்தரையில் வைத்து அடித்தார். அதிர்வு பிள்ளைகளின் பாதத்தில் ஏறியது. முதல் பாடம் பாதத்துக்குத்தான், காதுக்கு இல்லை.

அப்படியானால் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்தால் வேலை முடிந்ததே?
*ஈரோடு வாசகர்*

முடியாது தம்பி. மேளமும் தவிலும் தரையில் இறங்கும், புல்லாங்குழல் இறங்காது. அடியில் வெற்றிடம் உள்ள பலகைத்தரை அதிரும், சிமெண்டுத்தரை கல்லாகக் கிடக்கும். பலகையில் மூன்று மாதம் ஒத்திகை பார்த்துவிட்டுச் சிமெண்டு மேடையில் ஏற்றினால், பாதி ஆட்டத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குப் பாட்டு நின்றுபோய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். முதல்நாளே போய் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். அதிர்வு வரவில்லையா, மேலே பலகை போடுங்கள். இல்லாவிட்டால் கண்ணில் படும்படி ஓர் ஆளை நிறுத்துங்கள்.

அதிர்வை வைத்து ஆடலாம். சுருதி கண்டுபிடிக்க முடியுமா? கதை விடாதீர்கள்!
*மயிலாப்பூர் வாசகர்*

ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளென்னியைக் கேளுங்கள். 12 வயதுக்குள் அவருக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ் அவரைச் சுவரில் கையை வைக்கச் சொன்னார். டிம்பனி என்ற பெருமுரசு இரண்டை வேறுவேறு சுருதியில் வைத்து அடித்தார். எது எங்கே அதிர்கிறது என்று சிறுமி சொல்ல வேண்டும். பிறகு இரண்டு சுருதிக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். தாழ்ந்த ஒலி காலில், உயர்ந்த ஒலி முகத்திலும் கழுத்திலும் என்று அவர் உடம்பில் ஒரு வரைபடமே விழுந்தது. இன்றும் வெறுங்காலோடுதான் மேடை ஏறுகிறார். செருப்பு போட்டால் அவருக்குக் காதைப் பொத்தியது போல.

சைகைமொழி நாடகத்தில் பெரிய தலைவலி எது?
*நாகர்கோவில் வாசகி*

இருட்டு. சோகக் காட்சி என்றதும் விளக்கைக் குறைக்க இயக்குநருக்குக் கை பரபரக்கும். கையும் முகமும் மறைந்தால் வசனமே மறைந்துவிடும். விளக்குக்காரரையும் முதல் ஒத்திகையிலிருந்தே உட்கார வைக்க வேண்டும்.

சுதா சந்திரன் ஆடினாரே, மற்றவர்கள் ஏன் அப்படி முயலக் கூடாது?
*திருச்சி வாசகர்*

உங்கள் ஊர்ப் பக்கம் 1981இல் நடந்த பேருந்து விபத்தில்தான் அவர் வலது காலை இழந்தார். 1984இல் மறுபடி மேடை ஏறினார். முயற்சி அவருடையது. காலையும் கொஞ்சம் பார்ப்போமா? அன்றைய மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் விறைப்பானது, ஷூவுக்குள் இருக்கச் செய்தது. அதைக் கட்டிக்கொண்டு எந்தச் சலங்கை மேடையில் ஏறுவது? மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் உருவாக்கி, அவர் பொருத்திக்கொண்ட ரப்பர் ஜெய்ப்பூர் பாதமோ வளையும், வெறுங்காலாக ஊன்றலாம். மனவுறுதியைக் கேட்கும் முன், ஆடத் தகுந்த கால் கிடைத்ததா என்று கேளுங்கள்.

எங்கள் மண்டப மேடை 3 அடி உயரம். சக்கர நாற்காலிக் கலைஞருக்காக 10 அடியில் சாய்தளம் போட்டிருக்கிறோம். பாராட்டுவீர்களா?
*மண்டபப் பொறுப்பாளர், சேலம் மாவட்டம்*

பாராட்டை நிறுத்தி வைக்கிறேன். கணக்கு சின்னதுதான்: 1 அடி ஏற 12 அடி நீளம். 3 அடி ஏற 36 அடி, நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம். உங்கள் 10 அடியில் ஏறினால் முன்சக்கரம் தூக்கும், நாற்காலி பின்னால் சாயும். நாலு பேர் தூக்கிவிடுவார்கள் என்பீர்கள். கலைஞர் மூட்டையா? நீளத்துக்கு இடமில்லை என்றால் சாய்தளத்தை மடக்கிக் கட்டுங்கள். அதுவும் முடியாதென்றால் மேடையை விட்டுவிட்டுத் தரையில் ஆட வையுங்கள், ரசிகர்களைச் சுற்றி உட்கார வையுங்கள்.

பணக்கார நாடுகளில் இந்தச் சிக்கல் இருக்காது, இல்லையா?
*அதே மண்டபத்திலிருந்து இன்னொருவர்*

2019இல் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் டோனி விருது விழா. ‘ஓக்லஹோமா’ இசை நாடகத்துக்காக அலி ஸ்ட்ரோக்கர் வென்றார், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் அந்த விருதை வென்றது அதுவே முதல் முறை. மற்றவர்கள் பெயரைக் கேட்டதும் இருக்கையிலிருந்து எழுந்து படியேறினார்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடைக்குச் சாய்தளம் இல்லாததால் அவர் மட்டும் திரைக்குப் பின்னால் காத்திருந்தார்.

உங்கள் 36 அடியை மேடையின் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டு எழுதுங்கள். ரசிகர் பக்கம் என்பேன்.