அட்மின் கையில் சாம்பார்

ஜொகூரில் அவரைத் தெரியாதவர் இருக்க முடியாது. விடியுமுன் மாசாயிலிருந்து கிளம்பி, பாலத்துப் பஸ்ஸில் நின்றபடியே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அண்ணன் அவர். ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கையின் கட்டைவிரல் வாட்ஸ்அப்பில். குடும்பம், சம்பந்தி வீடு, தாமான், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், கோயில் அன்னதானம் என்று ஏகப்பட்ட குழுக்கள். எல்லாவற்றிலும் காலை வணக்கம் போடுவார். எதிலும் பெயரைப் பார்த்துப் போடமாட்டார். ஆள் தங்கம், கட்டைவிரல்தான் தகரம்.

விரலை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. புதுச் செய்தி வந்த குழு சட்டென்று பட்டியலின் உச்சிக்கு ஏறும். மற்றவை ஒரு படி கீழே இறங்கும். மனைவி பெயரை நோக்கி விரல் போய்க்கொண்டிருக்கும் அந்த நொடியில், அன்னதானக் குழுவில் யாரோ ‘ஓம் சக்தி’ போடுகிறார். மனைவி இருந்த இடத்தில் இப்போது கோயில். அண்ணன் திறந்தது கோயிலை.

எழுதியது என்ன என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. முன்பு ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் என்றால், “பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு” என்று நழுவிவிடலாம். 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. சாக்கு போயிற்று, சாம்பார் வந்தது. ஆகவே அண்ணன் மனைவிக்குத் தட்டினார்: “இந்த ஞாயிறும் தலைவர் வீட்டு சாம்பாராம். நாம வீட்லயே சாப்ட்டு போயிடுவோம்.”

அனுப்பிய பிறகுதான் மேலே கோபுரப் படம் கண்ணில் பட்டது. மனைவி முகம் அப்படி இருக்காதே! செய்தியை அழுத்திப் பிடித்து, Delete-ஐத் தொட்டார். இரண்டு வழிகள் வந்தன: Delete for everyone, Delete for me. வியர்த்த விரல் இரண்டாவதைத் தொட்டது. கீழே Undo என்று 5 விநாடி மின்னியது. அண்ணன் அந்த 5 விநாடியையும் நிம்மதிப் பெருமூச்சு விடுவதில் செலவழித்தார். அவர் திரையில் செய்தி இல்லை. மற்ற எல்லாருடைய திரையிலும் இருக்கிறது. இனி அதை அவரால் தொடக்கூட முடியாது. யார் படித்தார்கள் என்று பார்க்கவும் வழியில்லை.

இப்போது உலு திராமில் ஒரு மாமாக் கடைக்கு வருவோம். அங்கே தே தாரேக் ஆறிக்கொண்டிருக்க, அந்தச் செய்தியைப் பார்த்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் குழுவைத் திறக்கவில்லை, அறிவிப்பிலேயே படித்துவிட்டார். நீல டிக்கை அணைத்து வைத்தாலும் குழுவில் அது செல்லாது, படித்தவர் பெயர் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். இரண்டாவது வேலை மைத்துனருக்கு அனுப்புவது. அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்வது பட்டியலிலேயே இல்லை. அதற்குள் ஓர் இளைஞர் அந்தச் செய்தியையே மேற்கோளாக வைத்துச் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டார். அதைப் பார்த்துத்தான் அண்ணனுக்கு விஷயமே புரிந்தது.

ஒரே வழி பாக்கி. குழுவில் யார் போட்டதையும் எல்லாருக்குமாக நீக்கும் அதிகாரம் அட்மினுக்கு உண்டு. அட்மின் யார்? சாம்பாருக்குச் சொந்தக்காரர்.

“தலைவரே, குழுவுல ஒரு மெசேஜ்... கொஞ்சம் எடுத்துடுங்களேன்.”

“எது தம்பி?”

“என் ஃபோன்ல இல்ல, தலைவரே.”

“என் ஃபோன்ல இருக்கு. படிச்சுக் காட்டவா?”

தலைவர் பெருந்தன்மைக்காரர், நீக்கிவிட்டார். ஆனால் செய்தி இருந்த இடத்தில், அட்மின் நீக்கினார் என்ற வரி அவர் பெயரோடு வந்து உட்கார்ந்தது. அதுவரை குழுவை எட்டிப் பார்க்காத பாட்டிமார்கூட, “என்னா போட்டாங்க?” என்று கேட்கத் தொடங்கினார்கள். பதில் மேலேயே இருந்தது. மூலச் செய்தி போனாலும் இளைஞர் மேற்கோள் காட்டியது போகாது. சாம்பார் அதில் பத்திரமாக இருந்தது.

அண்ணன் வெட்கப்பட வேண்டியதில்லை. 2025 மார்ச்சில், ஏமன் தாக்குதலைப் பற்றி அமெரிக்க அமைச்சர்கள் பேசிய சிக்னல் குழுவில், ‘தி அட்லாண்டிக்’ இதழாசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கைத் தவறுதலாகச் சேர்த்திருந்தார்கள். அவரும் மாமாக் கடையில் உட்கார்ந்திருந்த நம்மவர் மாதிரியே சத்தம் காட்டாமல் படித்தார். பிறகு பத்திரிகையிலேயே எழுதினார். நம்மவர் மைத்துனரோடு நிறுத்திக்கொண்டாரே, அந்த வகையில் ஜொகூர் மேல்.

பார்த்தவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்கோள் காட்டாதீர்கள், பொம்மை போடாதீர்கள். அனுப்பியவருக்கு ஒரு ஃபோன் அடித்து, “அண்ணே, முதல் வரியைத் தொடுங்க, Delete for everyone” என்று சொல்லுங்கள். 2017-இல் இந்த வசதி வந்தபோது அவகாசம் 7 நிமிடம்தான். 2022 ஆகஸ்ட்டிலிருந்து இரண்டு நாளும் 12 மணி நேரமும் இருக்கிறது. பாலத்தில் எவ்வளவு ஜாம் என்றாலும் அதற்குள் அண்ணன் ஃபோனை எடுத்துவிடுவார்.