செத்தவர் சொன்ன செய்தி

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்கு அருகே கடல் வாரிக்கொண்டு போன ரயிலின் ஓட்டுநர் கடைசி நிமிடத்தில் என்ன நினைத்தார் என்பது எங்கள் கரையோரக் கல்லூரி மாணவர்களுக்கு அத்துபடி. சிக்னல் விழவில்லை, கொஞ்ச நேரம் காத்திருந்தார், நீளமாக ஒரு விசில் கொடுத்தார், துணிந்து வண்டியை எடுத்தார், பெட்டிக்குள் குழந்தைகள் அலறின. அசைன்மென்ட்டில் இத்தனையும் இருக்கும். அடியில் ‘ஆதாரம்: கூகுள்’ என்றும் இருக்கும். பேராசிரியப் பெருந்தகை சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு, பத்துக்கு எட்டு மதிப்பெண் தந்து வழியனுப்புவார். அவரும் இணையத்தில் அதே கட்டுரையைத்தானே படித்திருக்கிறார்!

குருவுக்கும் சீடனுக்கும் ஒரே கேள்வி. அந்த வண்டியில் போன ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று அதே கட்டுரை அடுத்த பத்தியில் சொல்கிறது. அப்படியானால் பெட்டிக்குள் கேட்ட அலறலைக் கரைக்கு வந்து சொன்னது யார்? விசிலையாவது தூரத்தில் எவரேனும் கேட்டிருக்கலாம். அவர் யார், எங்கே நின்றார், யாரிடம் சொன்னார் என்று கட்டுரை சொல்லவேண்டும். ஓட்டுநரின் மனதுக்குள் ஓடியதற்கு எந்தச் சாட்சியும் இருக்க வழியில்லை. அது கதை. செத்தவர் வாயில் வசனம் திணித்து லைக் வாங்குகிறவனுக்கு வெட்கம் கிடையாது, சரி. அதற்கு மதிப்பெண் போடுகிறவருக்குமா இல்லை?

ஒரு கட்டுரையைச் சோதிக்க அதில் உள்ள ஒவ்வொரு தகவலையும் பிடித்து, ‘இதை அறிந்திருக்கக்கூடியவர் யார்?’ என்று கேட்டாலே பாதி சாயம் வெளுக்கும். 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், டிசம்பர் 22 இரவு 11.55க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது என்கிறார்கள். இது ஒரு நிலையத்தில் பதிவாகக்கூடிய தகவல். 110 பயணிகள், 5 ஊழியர்கள், ஆக 115 பேர் என்பதும் எண்ணிப் பார்க்க முடிந்த கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை போகும் என்பது ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லும் கட்டுரையை நம்பலாம். புயலில் மொத்தமாக மாண்டவர்கள் என்று சொல்லப்படும் 1,800 பேரையும் ரயிலிலேயே ஏற்றி அனுப்பும் கட்டுரையை மூடிவிடலாம்.

தேதியிலும் குழப்பம் வரும். ஒருவர் 22 என்பார், இன்னொருவர் 23 என்பார். வண்டி கிளம்பி ஐந்து நிமிடத்தில் நள்ளிரவு தாண்டிவிட்டது, அவ்வளவுதான். இதை விளக்குகிற கட்டுரைக்காரர் யோசித்து எழுதியிருக்கிறார். போனது போட் மெயில் என்று எழுதுகிறவரும், அன்றைய முதல்வர் காமராஜர் என்று எழுதுகிறவரும் யோசிக்கவில்லை. காமராஜர் 1963 அக்டோபரிலேயே பதவி விலகிவிட்டார், புயலின்போது முதல்வர் பக்தவத்சலம். இந்தச் சின்ன விஷயத்தில் சறுக்கியவரை அலையின் உயரத்துக்கு எப்படி நம்புவது?

“சார், இருபது வெப்சைட்டில் இருக்கு சார்” என்பான் பையன். இருக்கும். இருபதிலும் அதே வாக்கிய வரிசை, அதே எழுத்துப்பிழை. ஒருவன் எழுதியதைப் பத்தொன்பது பேர் வெட்டி ஒட்டினால் அது ஒரு சாட்சிதான். விக்கிப்பீடியாவில் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற இடத்தை அழுத்தினால், ஒரு வரி எந்தத் தேதியில் உள்ளே வந்தது என்று தெரியும். அந்த வரிக்கு அடிக்குறிப்பு இருந்தால் அதைத் திறந்து பார்க்கவேண்டும். பல நேரம் அது இன்னொரு சுற்றுலாப் பக்கத்தில் போய் முட்டும். அந்தப் பக்கமோ விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதாக இருக்கும்.

இந்த வட்டத்தை விட்டு வெளியே வர 1964 டிசம்பர் கடைசி வாரத்து நாளிதழ்களைத் தேடவேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம் எதற்கு இருக்கிறது? நாடாளுமன்ற விவாதங்கள் தேதிவாரியாக இணையத்திலேயே கிடைக்கின்றன, காசும் கேட்பதில்லை. அதற்காக முதல் நாள் செய்தியை வேதவாக்காக எடுத்துவிடாதீர்கள். பாம்பன் பாலமே சிதைந்து தீவு துண்டிக்கப்பட்டிருந்தபோது வந்த எண்கள் அவை. அடுத்தடுத்த நாட்களில் எண் எப்படி மாறியது என்று பார்த்து, எந்த எண் எந்தத் தேதியில் யார் சொன்னது என்று குறித்தால் அதற்குப் பெயர் அசைன்மென்ட்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து பஸ் ஏறினால் தனுஷ்கோடி. ரீல்ஸ் எடுக்கப் போகிறார்கள், இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று ‘பேய் நகரம்’ என்கிறார்கள். பக்கத்திலேயே குடிசை போட்டு வலை பின்னுகிறவர்களைப் பார்த்தால் பேயாகவா தெரிகிறது? அன்றைக்கு உயிர் தப்பியவர்களிடம் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் எப்போது வந்தது, எங்கே ஏறி ஒதுங்கினார்கள் என்று கேட்கலாம். ரயிலைப் பற்றிச் சொன்னால், கண்ணால் பார்த்ததா, பிறகு கேள்விப்பட்டதா என்று பிரித்துக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். புயலன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கேட்பதானால் இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.