தாபனக் கோவையின் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு ஒரு விக்ஞாபனம்

மகாகனம் பொருந்திய தாபனக் கோவையின் பன்னிரண்டாம் அத்தியாயம் அவர்களின் சமூகத்துக்கு,

கல்முனைப் பட்டினத்துக் காரியாலயம் ஒன்றில் கோப்புகளுக்கு இலக்கமிட்டும் இலக்கமிட்ட கோப்புகளைத் தேடியும் காலங்கழிக்கும் எழுதுவினைஞன் ஒருவன் பணிந்து எழுதிக்கொள்வது. 1985ஆம் ஆண்டில் தாங்கள் இன்றைய திருவுருவை எடுத்தருளிய நாள்முதல், இத்தேசத்து அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு வருஷத்தில் 21 நாள் அமைய விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும் தங்கள் பெயராலேயே கிடைத்து வருகின்றன என்பதையும், அந்தத் தாராளத்தில் குறைகாண்பவன் நன்றி கெட்டவன் என்பதையும் அடியேன் முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். என் பிரஸ்தாபம் அந்தப் பெரிய கொடைகளைப் பற்றியதன்று. மாதமொன்றுக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாமல், தாங்கள் அளந்து வழங்கும் குறுகிய விடுமுறையை, அதாவது நாங்கள் வாய்நிறைய ‘ஷோர்ட் லீவு’ என்று சொல்லும் அந்தச் சின்னக் கொடையைப் பற்றியது.

மாதத்துக்கு மூன்று மணி. வருஷத்துக்கு முப்பத்தாறு மணி. காலை 8.30 முதல் மாலை 4.15 வரை என்று வகுக்கப்பட்ட எங்கள் வேலைநாள் ஏழே முக்கால் மணியாகையால், அந்த முப்பத்தாறு மணியைத் திரட்டினால் நாலரை நாளுக்குச் சற்று அதிகமாக வரும் என்று கணக்குப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். ஆனால் தங்கள் பெயரால் காரியாலயங்களில் நடைபெறும் வழக்கத்தைக் கூர்ந்து கவனித்தபோது, தாங்கள் எண்ணுவது நிமிஷங்களை அல்ல, தடவைகளை என்பது விளங்கிற்று. ஒருவர் இம்மாதம் முதல் தடவை நாற்பது நிமிஷமும், இரண்டாம் தடவை நாற்பது நிமிஷமும், மூன்றாம் தடவை பிள்ளையின் பாடசாலையில் அதிபரைக் காண அரை மணியும் வெளியே போனார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 110 நிமிஷம். தாங்கள் அருளிய 180 நிமிஷத்தில் இன்னும் எழுபது மீதியிருக்கிறது. எனினும் மூன்றாம் தடவை மூன்றாம் தடவையே என்பதால், அந்த அரை மணிக்காக அவருடைய அமைய விடுமுறையில் அரை நாள் கழிக்கப்படும். மீதியிருந்த எழுபது நிமிஷமோ மாதக் கடைசியில் யாருக்கும் சொல்லாமல் மாய்ந்துபோகும். அடுத்த மாதத்துக்கு அது வருவதில்லை.

இதைவிட நுட்பமான விஷயம் ஒன்றிருக்கிறது. அதை விளக்க, பெயர் சொல்ல விரும்பாத சகோதர உத்தியோகஸ்தர் ஒருவரின் சங்கதியைச் சமர்ப்பிக்கிறேன். சாய்ந்தமருதிலிருந்து வருபவர், உம்மாவை மாதமொரு முறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் கடமை அவருடையது. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போய் நம்பர் எடுத்தாலும், டொக்டர் வந்து, முந்திய நம்பர்களெல்லாம் தீர்ந்து, மருந்துக் கவுண்டரில் வரிசை நகர்ந்து, உம்மாவை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காரியாலயத்தின் விரலடையாள இயந்திரத்தில் அவர் விரலை வைத்தபோது மணி 10.07. ஒன்றரை மணி 10.00க்கே நிறைவெய்திவிட்டது. அந்த ஏழு நிமிஷத்தால் அவருடைய ஷோர்ட் லீவு ஷோர்ட் லீவாக இருக்கும் தகுதியை இழந்து, அரை நாள் லீவாக உருமாறிற்று.

அவர் தாமதித்தது 97 நிமிஷம். அரை நாள் என்பது ஏறத்தாழ 232 நிமிஷம். எஞ்சிய 135 நிமிஷத்தை, அதாவது இரண்டேகால் மணியை, அவர் செலவழிக்காமலே அவருடைய கணக்கில் பற்று வைத்தாயிற்று. உப்புக்கு நிலுவை வைத்தவனின் வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கிப்போகும் கடைக்காரன்கூடத் தூக்கிய மூட்டையைத் தானே வைத்துக்கொள்வான். இந்த இரண்டேகால் மணியோ அரசாங்கத்துக்கும் பயன்படுவதில்லை. ஏனெனில், மேசைக்குப் போக எத்தனித்த அவரைப் பார்த்து, லீவுப் புத்தகம் வைத்திருக்கும் அனுபவசாலியானவர் அன்போடு சொன்னார்: “இனி உள்ளுக்க வந்து என்ன செய்யப் போறீங்க தம்பி? அரை நாள் போயிட்டுதானே. வீட்ட போய் உம்மாவோட இருந்துட்டுப் பகலைக்கி வாங்களன்.” அவரும் போனார். அன்று காலை அவருடைய மேசைக்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காகக் காத்திருந்த பெரிய நீலாவணைப் பெண்மணிக்கும், நற்பிட்டிமுனை முதியவருக்கும், அவர்கள் நின்றது எந்த விதியின் நிமித்தம் என்று எடுத்துச் சொல்ல யாருமில்லை.

வராதவனை வரவழைக்கப் பிறந்த விதி, வந்தவனைத் திருப்பி அனுப்புகிறது என்பதே அடியேனுடைய முறைப்பாட்டின் சாரம். பழைய வரவுப் பதிவேட்டின் காலத்தில் இந்தக் கூர்மை தெரியாமலிருந்தது. மேலதிகாரியின் சிவப்புக் கோடு விழும்வரை மனுஷ தயவுக்குச் சற்று இடமிருந்தது; அந்தத் தயவு வேண்டியவர்க்கு ஒருவிதமாகவும் வேண்டாதவர்க்கு வேறுவிதமாகவும் பாய்ந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். 2009ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை விரலடையாள இயந்திரத்தைக் கொணர்ந்தபோது பட்சபாதம் நீங்கிற்று என்று மகிழ்ந்தோம். இயந்திரம் நிமிஷத்தைத் துல்லியமாக அறிகிறது. ஆனால் அறிந்த நிமிஷத்தைக் கொண்டு அது அரை நாளைத்தானே எழுதுகிறது! சிறு தாமதத்தை அன்றைக்கே மாலையில் நின்று ஈடுசெய்ய இடமுண்டு, உண்மை. ஆனால் வருஷக் கடைசிக் கணக்கறிக்கைக்காக ஆறு மணிவரை நின்றவனின் நிமிஷங்கள் மறுநாள் காலைக்கு ஒருபோதும் பிரயாணம் செய்வதில்லை.

வெள்ளிக்கிழமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜும்ஆவுக்கென நண்பகலில் முஸ்லிம் உத்தியோகஸ்தர்களுக்குத் தாங்கள் தரும் இரண்டு மணி நேர விசேஷ லீவு ஒன்றுதான் எந்தக் கணக்கிலும் சேராத தூய நேரம். அதற்காகத் தங்களுக்கு துஆச் செய்கிறோம். ஆயினும் இரண்டு மணிக்குத் திரும்பியவன், 2.45க்குத் தொடங்கும் ஷோர்ட் லீவுக்கும் எழுதிக்கொடுத்திருந்தால், இடையிலுள்ள முக்கால் மணியில் அவன் திறக்கும் கோப்பு எது என்று தாங்கள் எப்போதாவது விசாரித்ததுண்டா? கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களில் அப்படியான முக்கால் மணிகள் எங்களிடம் ஏராளம்.

ஒன்றரை மணி என்ற அளவையும், யாரோ கொழும்பில் வங்கிக்கும் கந்தோருக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தவர்தான் வகுத்திருக்க வேண்டும். எங்களுக்கு மாவட்டச் செயலகம் அம்பாறையில். காரைதீவுச் சந்தியில் திரும்பி, மாவடிப்பள்ளியும் சம்மாந்துறையும் கடந்து பஸ் போய்ச் சேர்ந்து திரும்புவதற்கே அந்த ஒன்றரை மணி போதாது; அங்கே கையொப்பமிடுபவர் கூட்டத்திலிருந்தால் கேட்கவே வேண்டாம். கடைத்தெருவில் புடைவைக் கடையில் நிற்கும் பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்பது வேறு கதை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அவர்களுக்கு 7 நாள் அமைய விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் தருகிறதேயன்றி, ஷோர்ட் லீவு என்பது முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்பதாகவே இருக்கிறது.

அயலாரும் இதில் எங்களுக்குத் துணையாகவில்லை. இந்திய மத்திய அரசாங்கத்திலும், ஒரு மணி வரையிலான தாமதத்தை மாதத்தில் இரண்டு தடவைக்கு மேற்படாமல் மேலதிகாரி மன்னிக்கலாம், அதன்பின் ஒவ்வொரு தாமதத்துக்கும் அரை நாள் தற்செயல் விடுப்பு என்றே விதித்திருக்கிறார்கள். மூன்றாம் தடவையில் மனிதன் கெட்டுப்போகிறான் என்பது பாக்கு நீரிணையின் இருகரைக்கும் பொதுவான சித்தாந்தம் போலும்.

ஆகவே அடியேனின் பிரார்த்தனை சிறியது. இயந்திரம் ஏற்கெனவே நிமிஷங்களை எழுதிவைத்திருக்கிறது. அவற்றைத் தடவைகளாக்காமல் நிமிஷங்களாகவே கூட்டி, மாதத்து 180ஐக் கழித்து, மேலே மிஞ்சுவதைச் சேர்த்துக்கொண்டே போய், 465 நிமிஷம் நிறைந்த அன்று ஒரு நாளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். 10.07க்கு வந்தவன் அன்று 97 நிமிஷம் மட்டுமே கடன்பட்டவனாகி, 10.08க்குப் பேனாவை எடுப்பான். சோம்பேறிக்கு இதனால் ஒரு லாபமுமில்லை. தினம் இருபது நிமிஷம் திருடுகிறவன் இன்றைவிட வேகமாக அகப்படுவான் என்பதையும், எங்கள் காரியாலயத்தில் அத்தகையவர் சிலர் இம்மனுவில் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

தங்கள் பதிலைத் தயவுசெய்து தபாலிலேயே அனுப்பி உதவவும். நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி பணித்தால், அடுத்த மாதம் முதலாந் திகதிக்குப் பிற்பட்ட ஒரு தினத்தைக் குறிக்கவும். இம்மாதத்து இரண்டும் முடிந்துவிட்டன.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
எழுதுவினைஞன்,
கல்முனை.